தேர்தல் மாதத்தில் தலைவர்களுக்காக ஜெபிப்பது: எந்த அணிக்கும் சாயாத ஒரு பிரசங்கம்

கேள்வி: "ஐயா, தூத்துக்குடி பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சேகரத்தில் ஊழியம் செய்கிறேன். சபையில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், சேகரக் கமிட்டியிலேயே இரண்டு அணி. தேர்தலுக்கு முன்னால் தலைவர்களுக்காக ஜெபிப்பதைப் பற்றிப் பிரசங்கிக்க ஆசைப்படுகிறேன். போன தேர்தலில் பொதுவாகத்தான் பேசினேன். அப்படியும் 'ஐயர் அவங்க ஆளு' என்று பேச்சு வந்துவிட்டது. என்ன பேசுவது, எப்படி ஜெபிப்பது, சட்டம் எங்கே குறுக்கே நிற்கும் என்று விவரமாகச் சொல்லுங்கள்."

அன்புள்ள ஐயருக்கு,

பேச்சு வந்ததற்குக் காரணம் நீங்கள் பொதுவாகப் பேசியதாகவே இருக்கலாம். மற்ற மாதங்களில் யார் மனதையும் உறுத்தாத பொதுவான சொற்கள் தேர்தல் மாதத்தில் சுவரொட்டியில் ஏறிவிடுகின்றன. "இந்த மாநிலத்துக்கு ஒரு மாற்றத்தைத் தாரும் ஆண்டவரே" என்று ஜெபித்தால் ஆளுங்கட்சிக்காரர் காதில் அது எதிர்க்கட்சிக்கான ஓட்டு. "நிலையான ஆட்சியைத் தாரும்" என்றால் எதிர்க்கட்சிக்காரர் அதையே ஆளுங்கட்சிக்கான ஓட்டாகக் கேட்பார். "தேவபயமுள்ள தலைவரை எழுப்பும்" என்பது, தொகுதியில் கிறிஸ்தவ வேட்பாளர் ஒருவர் நின்றால், அவர் பெயரைச் சொன்ன மாதிரிதான். "ஊழலை ஒழிக்கிறவர்", "நம்மைப் பாதுகாக்கிற அரசு" என்பவற்றுக்கும் இதே கதி. நீங்கள் யாரையும் நினைக்காமல் சொல்லியிருப்பீர்கள். ஆனால் கேட்கிறவர் வெள்ளிக்கிழமை வரை கூட்டத்திலும் ஒலிபெருக்கியிலும் அதே சொற்களைக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே இன்னும் பொதுவாகப் பேசினால் தீராது, இன்னும் குறிப்பாகப் பேச வேண்டும். ஆளைக் குறிக்காமல் பதவியையும் அந்தப் பதவியின் வேலையையும் குறிப்பாகச் சொல்லுங்கள். முடிவு இப்படி வர வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த முடிவு வந்தாலும் அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு என்ன தேவைப்படும் என்பதைக் கேளுங்கள். எழுதி முடித்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை வையுங்கள்: வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள் காலையில், தோற்ற அணியைச் சேர்ந்த உங்கள் கமிட்டி உறுப்பினரும் வென்ற அணியைச் சேர்ந்தவரும் அருகருகே நின்று அந்த வரிக்கு ஆமென் சொல்ல முடியுமா? முடியாத வரியை அடித்துவிடலாம்.

வேதபகுதிக்கு 1 தீமோத்தேயு 2:1-4 போதும். ரோமர் 13-ஐ அந்த மாதத்தில் மூலவசனமாக எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதை ஒழுங்காக விளக்க ஒரு முழுப் பிரசங்கம் வேண்டும். இருபது நிமிடத்தில் சொன்னால் "இருக்கிற அதிகாரத்துக்குக் கீழ்ப்படியுங்கள்" என்பது மட்டும் மனதில் தங்கும். தேர்தல் நேரத்தில் அதற்கு "இருக்கிறவரே இருக்கட்டும்" என்றுதான் பொருள் கொள்வார்கள்.

பிரசங்கத்தை இருபது நிமிடத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில், "ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும்" என்ற வசனத்தை முதலில் கேட்ட சபை எப்படிப்பட்டது என்று சொல்லுங்கள். திருச்சபை மரபுப்படி பவுல் இதை எழுதியது நீரோவின் ஆட்சியில். நீரோ கி.பி. 54 முதல் 68 வரை ரோமை ஆண்டான். அந்தச் சபைக்கு ஓட்டு இல்லை, அரசனைத் தேர்ந்தெடுக்கும் வழியும் இல்லை, அவனை மெச்ச வேண்டிய காரணமும் இல்லை. அப்படியும் ஜெபிக்கச் சொன்னார்கள். ஒருவருக்காக ஜெபிப்பது அவரை ஏற்றுக்கொள்வது ஆகாது என்பதை இந்த ஒரு செய்தியே நிறுவிவிடும். நீங்கள் வாதாட வேண்டியதில்லை. அந்தப் பகுதியில் ஜெபத்தைக் குறித்து வரும் நான்கு சொற்களில் கடைசியானது ஸ்தோத்திரம். தனக்குப் பிடிக்காத தலைவருக்காக வேண்டுவதையாவது சபையார் செய்துவிடுவார்கள். அவருக்காக நன்றி சொல்வதுதான் கடினம். அந்தக் கடினத்தை மறைக்காமல் சொல்லுங்கள். பதவியில் இருந்தவர் போட்ட ஒரு சாலை, திறந்த ஒரு பள்ளிக்கூடம், நடத்திய ஒரு தடுப்பூசி முகாம், இவற்றுக்காக எதிரணிக்காரரும் நன்றி சொல்லலாம். ஆனால் சாலையின் பெயரையும் திட்டத்தின் பெயரையும் மேடையில் சொல்லாதீர்கள். அவரவர் மனதில் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள்.

அடுத்த எட்டு அல்லது ஒன்பது நிமிடம்தான் பிரசங்கத்தின் உடல். என்ன கேட்டு ஜெபிப்பது என்பதை இங்கே சொல்ல வேண்டும். கி.பி. 96-ஐ ஒட்டி ரோமாபுரிச் சபை கொரிந்து சபைக்கு எழுதிய, கிளெமெந்துவின் முதல் நிருபம் என்று அறியப்படும் கடிதத்தின் கடைசியில் அதிகாரிகளுக்கான ஒரு ஜெபம் இருக்கிறது. அவர்களுக்கு ஆரோக்கியம், சமாதானம், ஒற்றுமை, உறுதி ஆகியவற்றைத் தாரும், நீர் கொடுத்த அதிகாரத்தை அவர்கள் இடறலின்றிச் செலுத்தட்டும் என்று அது கேட்கிறது. இன்ன ராஜா வேண்டும், இன்னார் வேண்டாம் என்று அதில் ஒரு சொல் கிடையாது. அதன் பக்கத்தில் சங்கீதம் 72-ஐ வைத்தால், அந்த அதிகாரம் எதற்கு என்ற அளவுகோல் கிடைத்துவிடும்: சிறுமைப்பட்டவனுக்கு நியாயம், ஏழையின் பிள்ளைக்குப் பாதுகாப்பு, ஒடுக்குகிறவனுக்குத் தடை.

இதை உங்கள் ஊருக்குக் கொண்டுவரும்போது ஓர் எல்லையைப் பிடித்துக்கொள்ளுங்கள். துன்பத்தைச் சொல்லலாம். அதற்கு யார் காரணம் என்பதையும், அதைத் தீர்க்கும் திட்டத்தின் பெயரையும் சொல்லக் கூடாது. உப்பளத்தில் வேலை பார்க்கிற பெண்களின் கூலி, கோடையில் தண்ணீர், கடலுக்குப் போனவர்களின் பாதுகாப்பு, பிள்ளைகளுக்கு வேலை என்று பெயர் சொல்லி ஜெபியுங்கள். இவை எல்லா அணியின் வீட்டிலும் உள்ள கவலைகள். ஆனால் திட்டத்தின் பெயர் ஏதாவது ஒரு கட்சியின் தேர்தல் அறிக்கையில் இருக்கும். சிறுபான்மையினரின் பாதுகாப்பும் இப்படித்தான். அதைப் பேசாமல் விட வேண்டாம், அது சபையின் நியாயமான கவலை. "நம்மைக் காக்கும் அரசு வேண்டும்" என்று கேட்கும் இடத்தில், "எந்த மதத்தைச் சேர்ந்தவரானாலும் ஆராதனைக்காகத் துன்பப்படுகிறவர்களுக்குக் காவல்துறையும் நீதிமன்றமும் பாரபட்சமில்லாமல் நியாயம் செய்யட்டும்" என்று கேளுங்கள். இந்த வேண்டுதல் எந்த அரசு வந்தாலும் பொருந்தும்.

ஓட்டுக்குப் பணம் வாங்குவதை இந்த இடத்தில்தான் பேச வேண்டும், இரண்டு நிமிடம் போதும். பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலை ரத்து செய்தது சபையாருக்குத் தெரியும். "பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும்" என்ற யாத்திராகமம் 23:8-ஐ வாசியுங்கள். கொடுக்கிறவரைத் திட்டத் தொடங்கினால், யார் அதிகம் கொடுத்தார் என்று ஊரில் ஏற்கெனவே நடக்கிற பேச்சோடு நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள். வாங்குகிற கையைப் பற்றி மட்டும் பேசுங்கள். அந்தக் கைகள் உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கின்றன.

மீதி நான்கைந்து நிமிடம் யோசுவா 5:13-14-க்கு. உருவின பட்டயத்தோடு நிற்கிறவரிடம் யோசுவா, நீர் எங்களைச் சேர்ந்தவரா, சத்துருக்களைச் சேர்ந்தவரா என்று கேட்கிறார். வந்த பதில் "அல்ல" என்று தொடங்குகிறது. கர்த்தரைத் தன் அணியில் சேர்த்துக்கொள்ளப் பார்க்கும் ஜெபத்துக்கு இதைவிட நேரான பதில் வேதத்தில் இல்லை. இதைச் சொல்லிவிட்டு நேராக ஜெபத்துக்குள் போய்விடுங்கள். இடையில் "ஆகவே ஞானமாய் ஓட்டளியுங்கள்" என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். அந்த "ஞானம்" யாருக்கு என்பதைத்தான் வெளியே போய்ப் பேசுவார்கள். "எல்லோரும் போய் ஓட்டளியுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள்.

எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சங்கடம் உண்டு. நம் ஊரில் சின்னம்தான் கட்சி. சூரியன், இலை, கை, தாமரை, பானை, முரசு, மாம்பழம் எல்லாமே சின்னங்கள். வேதத்திலோ "நீதியின் சூரியன் உதிக்கும்" என்று மல்கியா 4:2-இல் இருக்கிறது. முதல் சங்கீதத்தில் இலையுதிராத மரம், எரேமியா 18-இல் குயவன் வீட்டு மண்பாண்டம், எங்கு திறந்தாலும் கர்த்தருடைய கரம். குறித்த பாடத்தில் இவை வந்தால் அப்படியே வாசியுங்கள், அதற்காகப் பாடத்தை மாற்ற வேண்டாம். ஆனால் நீங்களாகத் தேர்ந்தெடுக்கிற பாட்டு, உவமை, மேற்கோள் எதிலும் அந்தச் சொற்கள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாடகர் குழு அன்றைக்குப் பாடப்போகிற பாட்டையும் சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள். பீடத்து அலங்காரத்தில் இரண்டு நிறத் துணியைச் சேர்த்துக் கட்டினால் அதுவும் ஏதோ ஒரு கரைவேட்டியை நினைவூட்டும். திருச்சபைக் காலத்துக்குரிய ஒரே நிறத்தோடு விட்டுவிடுவது நல்லது.

ஜெபத்தை எழுதி வாசியுங்கள். உள்ளத்திலிருந்து வருகிற ஜெபத்துக்கு நான் எதிரானவன் அல்ல. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வாய் தன் பழக்கத்துக்குப் போய்விடும். கீழே உள்ளது இரண்டு நிமிடத்தில் வாசிக்கக்கூடிய ஒன்று, உங்கள் சேகரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்:

"சர்வவல்லமையுள்ள தேவனே, அதிகாரமுள்ள யாவருக்காகவும் உம்முடைய சமுகத்தில் நிற்கிறோம். குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர், முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், எங்கள் சட்டமன்ற, மக்களவை உறுப்பினர்கள் ஆகியோருக்குச் சரீர சுகத்தையும் தெளிந்த மனதையும் தாரும். இதுவரை அவர்கள் மூலமாக எங்களுக்குக் கிடைத்த நன்மைகளுக்காக ஸ்தோத்திரிக்கிறோம். இந்தத் தொகுதியில் போட்டியிடுகிற அனைவரையும் அவர்கள் குடும்பத்தாரையும் வெயிலிலும் பயணத்திலும் காத்துக்கொள்ளும். பொய் பேசுவதிலிருந்தும் பகை வளர்ப்பதிலிருந்தும் அவர்களையும் எங்களையும் விலக்கும். தேர்தல் ஆணையத்தார், மாவட்ட ஆட்சியர், வாக்குச்சாவடியில் பணிசெய்யப் போகிற ஆசிரியர்கள், காவலர்கள் ஆகியோர் அச்சமில்லாமலும் ஓரவஞ்சனை இல்லாமலும் தங்கள் கடமையைச் செய்யக் கிருபை தாரும். எங்கள் ஓட்டை விலைக்கு விற்காதபடி எங்கள் கைகளைக் காத்துக்கொள்ளும். பொறுப்புக்கு வருகிறவர் எளியவனின் வழக்கைக் கேட்கிறவராக இருக்கட்டும். வெற்றி பெறுகிறவருக்குத் தாழ்மையையும், தோல்வியடைகிறவருக்கு ஆறுதலையும் தாரும். எங்கள் தெருக்களில் கலகமில்லாத அமைதலைத் தாரும். ஆமென்."

இதில் எதிர்க்கட்சித் தலைவர் பெயரில்லாமல், பதவியால் மட்டும் வருகிறார் என்பதைக் கவனியுங்கள். முதலமைச்சருக்காக ஜெபித்துவிட்டு அவரை விட்டுவிட்டால் ஜெபம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பெயர் சொல்லி ஜெபிக்கும் வழக்கம் உங்கள் சபையில் இருந்தால், தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து முடிவு வரும் வரை பெயர்களை நிறுத்திப் பதவிகளை மட்டும் சொல்லுங்கள். அப்படிச் செய்யப் போவதை முன்கூட்டியே கமிட்டியில் சொல்லிப் பதிவும் செய்துவிடுங்கள். வேட்பாளர்களில் ஒருவர் பெயரைச் சொன்னால் அத்தனை பேர் பெயரையும் சொல்ல வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஒரு அலகில் நோட்டாவையும் சேர்த்துப் பதினாறு பேருக்கு இடம் உண்டு, பல தொகுதிகளில் அதுவும் போதாமல் இரண்டாவது அலகு வைக்கிறார்கள். ஆகையால் "அனைவரையும்" என்பதே சரி. வாக்குச்சாவடி ஆசிரியர்களைச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. உங்கள் சபையிலேயே சிலருக்குத் தேர்தல் பணி ஆணை வந்திருக்கும். அந்த வரியில் எந்த அணியும் இல்லை, கேட்கிற எல்லோருக்கும் அது வீட்டு விஷயம்.

உங்கள் பிரசங்கத்தைவிட மற்றவர்கள் செய்யும் ஜெபத்தில்தான் ஆபத்து அதிகம். மன்றாட்டு ஜெபத்தை ஒரு மூப்பரிடம் கொடுத்தால், அவர் அணி எது என்று சபைக்கு முன்பே தெரியும். அந்த ஞாயிறுகளில் மன்றாட்டை நீங்களே செய்யுங்கள், அல்லது இதே எழுத்துப் பிரதியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். உபவாச ஜெபத்திலும் சங்கிலி ஜெபத்திலும் "ஆண்டவர் எனக்குக் காட்டினார், இன்னார்தான் வருவார்" என்று யாராவது எழுந்து சொல்லக்கூடும். கூட்டத்தின் தொடக்கத்திலேயே, தேர்தல் முடிவு பற்றிய தரிசனங்களை இந்தக் கூட்டத்தில் சொல்ல அனுமதி இல்லை என்று அறிவித்துவிடுங்கள். சொன்ன பிறகு தடுத்தால் அந்தத் தரிசனத்தையே மறுத்ததாக ஆகிவிடும்.

இனிச் சட்டம். தேர்தல் நடத்தை விதிகள் தேதி அறிவித்தவுடன் நடைமுறைக்கு வருகின்றன. கோயில், மசூதி, தேவாலயம் போன்ற வழிபாட்டு இடங்களைத் தேர்தல் பிரசார மேடையாகப் பயன்படுத்தக் கூடாது என்று அவை நேரடியாகவே சொல்கின்றன. 1988-ஆம் ஆண்டின் மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் சட்டம் இன்னும் கண்டிப்பானது. நிறுவனத்தின் இடத்தையோ, அது நடத்தும் கூட்டத்தையோ அரசியல் நடவடிக்கைக்கு விட்டால் பொறுப்பாளருக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆகவே சேகர மண்டபத்தைக் கட்சிக் கூட்டத்துக்கு வாடகைக்கு விடுவதும் கேள்விக்குரியதே. அப்படிக் கேட்டு வந்தால் திருமண்டலத்தின் சட்ட ஆலோசகரைக் கேட்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பிரசங்கபீடத்துக்கு மிகவும் பொருந்துகிற சட்டம் வேறு. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123(2) பிரிவில், ஒருவருக்கு ஓட்டளிப்பதாலோ அளிக்காததாலோ தெய்வ கோபத்துக்கு ஆளாவீர்கள் என்று வாக்காளரை நம்பவைப்பதைத் தகாத செல்வாக்கு என்கிறது. வேட்பாளரோ அவர் முகவரோ, அல்லது அவர்கள் சம்மதத்தோடு வேறொருவரோ அப்படிச் செய்திருந்தால் அந்தத் தேர்தலே செல்லாமல் போகலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 171-ஆம் பிரிவு இதையே குற்றமாக வைத்திருக்கிறது. 1959-இல் ராம் தயாள் எதிர் சந்த் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது. பஞ்சாபில் நாம்தாரி சீக்கியர்களின் குரு ஒரு வேட்பாளருக்கு ஓட்டளிக்கும்படி தன் சீடர்களுக்குக் கட்டளை அனுப்பியிருந்தார். மதத் தலைவர் ஒரு குடிமகனாகத் தன் கருத்தைச் சொல்லலாம், ஆனால் மீறினால் தெய்வ கோபம் வரும் என்று சீடர்கள் எண்ணும்படி, அவர்களுக்குத் தெரிவே இல்லாமல் செய்யக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். ஆகையால் "இவர்களுக்குப் போட்டால் கர்த்தருக்கு முன் கணக்குக் கொடுக்க வேண்டும்" என்பது போன்ற வாக்கியம் எந்த வடிவத்திலும் வேண்டாம். 2017 ஜனவரி 2-ஆம் தேதி ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, வாக்காளரின் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும் 123(3) பிரிவின்படி முறைகேடுதான் என்று 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. "கிறிஸ்தவர்களாகிய நாம் ஒரே பக்கம் ஓட்டளிக்க வேண்டும்" என்று வேட்பாளர் தரப்பில் யாராவது உங்களைப் பேசச் சொன்னால், உங்களை இழுத்துவிடுவது இந்தச் சுழலுக்குள்தான்.

வேட்பாளர் ஆராதனைக்கு வந்தால் எல்லோரையும் போல வரட்டும். வாசலில் கைகுலுக்கலாம். மைக்கில் வரவேற்பு, முன்வரிசை நாற்காலி, பொன்னாடை, ஆராதனை முடிவில் இரண்டு வார்த்தை, இவை எதுவும் யாருக்கும் இல்லை என்பதைத் தேதி அறிவித்த வாரத்திலேயே கமிட்டித் தீர்மானமாக எழுதி, எல்லாக் கட்சிப் பொறுப்பாளர்களுக்கும் ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள். தனியாக ஜெபம் கேட்டு வருகிறவரை மறுக்க வேண்டாம். மேலே உள்ள ஜெபத்தையே அவருக்காகவும் சொல்லுங்கள், "வெற்றி" என்ற சொல்லைச் சேர்க்காமல், தலையில் கைவைக்கும் படம் எடுக்க விடாமல். அந்த மாதத்தில் அவர் ஆலயக் கட்டட நிதிக்குத் தரும் பெரிய தொகையைத் தேர்தல் முடிந்தபின் தரச் சொல்லுங்கள். ஆராதனையை யூடியூப்பில் நேரலையாக விடுகிற சபையானால், பிரசங்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டால் எப்படிக் கேட்கும் என்று ஒரு முறை படித்துப் பாருங்கள். "சிலர் சொல்கிறார்கள், இந்த ஆட்சி..." என்று தொடங்கி அடுத்த வாக்கியத்தில் மறுக்கிற அமைப்பு அங்கே பிழைக்காது.

எந்த ஞாயிறு என்பதையும் யோசியுங்கள். பிரசங்கம் தேதி அறிவிப்புக்குப் பின்வரும் முதல் ஞாயிறிலேயே இருந்தால் நல்லது, அப்போது வேட்பாளர் பட்டியல் முடிவாகியிருக்காது. வாக்குப்பதிவுக்கு முந்தைய ஞாயிறில் பிரசங்கம் வேண்டாம், எழுதிய ஜெபம் மட்டும் போதும். 2021-இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் உயிர்த்தெழுதல் ஞாயிறு. அப்படிப்பட்ட நாளில் பிரசங்கம் உயிர்த்தெழுதலைப் பற்றியே இருக்க வேண்டும், தேர்தல் மன்றாட்டுக்குள் மட்டும் வரட்டும். அந்த ஆண்டு வாக்கு எண்ணிக்கையும் ஒரு ஞாயிறில்தான் வந்தது, மே 2. காலை எட்டு மணிக்கு எண்ணத் தொடங்கினால், ஆராதனை நடக்கும்போதே முன்னணி நிலவரம் கைபேசிகளில் வந்துகொண்டிருக்கும். மறுபடியும் அப்படி அமைந்தால், ஆராதனை முடியும் வரை முடிவைப் பற்றி அறிவிப்பிலோ ஜெபத்திலோ ஒரு சொல்லும் வரக் கூடாது என்று மைக் பிடிக்கிற அத்தனை பேரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அதற்கடுத்த ஞாயிறில் அதே ஜெபத்தை, போட்டியிடுகிறவர்கள், வாக்குச்சாவடிப் பணியாளர்கள் பற்றிய வரிகளை மட்டும் எடுத்துவிட்டு, மீண்டும் வாசியுங்கள். அப்போது பதவியேற்றவர்களின் பெயர்களையும் சேர்க்கலாம், எதிர்க்கட்சித் தலைவரின் பெயரோடு.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் வந்து, சாய்ந்து பேசினீர்கள் என்று சொல்லக்கூடும். அப்போது விளக்கம் கொடுக்க வேண்டாம். எழுத்துப் பிரதியைக் கையில் கொடுத்து, எந்த வரி என்று கேளுங்கள். ஒரு வரியைக் காட்டி, தன் காதில் அது எப்படி விழுந்தது என்று சொன்னால், அடுத்த ஞாயிறுக்கு அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.